காது கேட்கிறது, வகுப்பில் மட்டும் புரியவில்லை

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். டிக்டேஷனில் ‘கட்டு’ என்று டீச்சர் சொன்னால் ‘தட்டு’ என்று எழுதுகிறான். “கணக்கு நோட்டை எடு, 42ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைப் போடு” என்றால், நோட்டை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்துப் பையன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறான். காது டாக்டரிடம் கூட்டிப்போனால் ஆடியோகிராம் நார்மல். உடனே வீட்டிலும் பள்ளியிலும் ஒரே தீர்ப்பு: கவனமில்லாத பையன்.

அவனுக்குச் செவிவழிச் செயலாக்கச் சிக்கல் இருக்கலாம். காது ஒலியைச் சரியாக வாங்குகிறது. அதைப் பிரித்துப் பொருள் காணும் மூளையின் வேலையில்தான் தடுமாற்றம்.

பரிசோதனை எதைச் சொல்லவில்லை?

வழக்கமான செவிப் பரிசோதனை, ஓசை புகாத அறையில் நடக்கிறது. ‘பீப்’ ஒலி கேட்டதும் பிள்ளை கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். மின்விசிறி ஓடும் அறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒருவர் வேகமாகப் பேசுவதைப் பிரித்தறிய முடிகிறதா என்று அந்தப் பரிசோதனை கேட்பதே இல்லை.

வகுப்பில் நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம். டீச்சரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 65 டெசிபல் என்று கொள்வோம். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். எனவே நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் பெஞ்சில் அது ஏறக்குறைய 53. மின்விசிறியும் சாலை இரைச்சலும் சேர்ந்து 55 என்றால், குரல் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. சுவரின் எதிரொலி குரலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சொற்களைக் குழப்பியும் விடும். குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பதே வகுப்பறைக்கான பரிந்துரை. மற்ற பிள்ளைகள் விட்டுப்போன சொற்களை ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளையால் அது முடிவதில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

இரைச்சலில் முதலில் அடிபடுபவை மெய்யெழுத்துகள். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். “என்ன?”, “ஆங்?” என்று அடிக்கடி கேட்பது, கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, படித்தால் புரிவது சொன்னால் புரியாமல் போவது, பள்ளி விட்டதும் களைத்துச் சாய்வது ஆகியவையும் அடையாளங்கள்.

அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் இவர்களில் பலர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைக்குப் படம் வரையும்போதும் கவனம் சிதறலாம். ஆனால் இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. செவிவழிச் செயலாக்கச் சிக்கலைத் தனிக் கோளாறாகக் கொள்ளலாமா என்பதிலேயே வல்லுநர்களிடம் விவாதம் தீரவில்லை. ஆகவே அறிகுறிகளை வைத்து வீட்டிலேயே பெயர் சூட்டிவிட வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு பொறி உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால், மொழி பழகாததே இதே அறிகுறிகளைத் தரும். அதே கட்டளையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் சிரமமில்லை என்றால் காரணம் வேறு.

யாரிடம் போவது?

முதலில் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வந்து வந்து போகும். சோதனை நாளில் இல்லாமலும் இருக்கலாம். பிறகு ஆடியாலஜிஸ்டிடம், இரைச்சலில் பேச்சறிதல், இரு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கேட்டுச் சொல்லுதல் போன்ற சோதனைகள் கிடைக்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக ஏழு வயதுக்கு முன் இவற்றின் முடிவை நம்ப முடியாது, கேட்கும் திறன் அதுவரை முதிர்ந்துகொண்டிருக்கும். மொழித்திறன், கவனம் இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

வகுப்பில் செய்யக்கூடியது

இதற்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. அந்த பெஞ்சுக்கு மேலேயே மின்விசிறி கடகடத்தால் பலனில்லை. சாலைப் பக்க ஜன்னலும் ஆகாது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை திரும்பிய பிறகு பேச வேண்டும். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, பக்க எண்ணைப் பலகையில் எழுதிவிடலாம். “புரிந்ததா?” என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

கத்துவது உதவாது. கத்தும்போது உயிரொலிகள்தான் பெருகுகின்றன, குழப்பும் மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. புரியாததை வேறு சொற்களில், சற்று நிதானமாகச் சொல்வதே பலன் தரும். டீச்சர் சட்டையிலோ புடவையிலோ மைக் மாட்டி, பிள்ளையின் காதில் ரிசீவர் வைக்கும் கருவியும் இருக்கிறது. தூரத்தின் சிக்கலை அது நேரடியாகத் தீர்க்கும், ஆனால் விலை அதிகம். ஆடியாலஜிஸ்ட் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிப் பேசுவதற்கு முன், பிள்ளை உட்காரும் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, டீச்சரை வழக்கம்போலப் பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.