விசிறி வரைபடத்தைப் படிப்பது எப்படி?

1996 பிப்ரவரியில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பணவீக்க அறிக்கையில் ஒரு புதுவகை வரைபடத்தை வெளியிட்டது. கடந்த காலத்துப் பணவீக்கம் அதில் ஒற்றைக் கோடாக வரும். இன்றைய தேதியைத் தாண்டியதும் அந்தக் கோடு சிவப்புப் பட்டைகளாகப் பிரிந்து விசிறிபோல் விரியும். நடுப்பட்டை அடர் சிவப்பு. ஓரம் போகப் போக வெளிறிவிடும். நம் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கையிலும் இதே விசிறி உண்டு. அதன் பட்டைகள் 50, 70, 90 சதவீத வாய்ப்பைக் குறிக்கின்றன.

இதைப் படிக்க, வேண்டிய காலாண்டின் மேல் ஒரு ஸ்கேலை நெடுக்காக வையுங்கள். அங்கே 50 சதவீதப் பட்டை 3.5 முதல் 5.5 வரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணவீக்கம் அதற்குள் நிற்க பாதி வாய்ப்பு. விசிறி இருபுறமும் சமமாக இருந்தால், 5.5-ஐத் தாண்ட கால்வாசி வாய்ப்பு. மேல்பக்கம் மட்டும் அகன்றிருந்தால், விலை எதிர்பார்த்ததைவிட ஏறிவிடும் அபாயமே பெரிது என்று வங்கி கருதுகிறது. 90 சதவீதப் பட்டைக்கும் வெளியே பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு எப்போதும் மிச்சமிருக்கும். பலரும் மறப்பது இதைத்தான்.

காலம் நீள நீள, எண்ணெய் விலை, மழை, போர், வரி என்று மாறக்கூடியவை கூடிக்கொண்டே போகின்றன. விசிறி விரிவது அதனால்தான். எவ்வளவு விரியவேண்டும் என்பதற்கு முக்கிய அடிப்படை, பழைய கணிப்புகள் எவ்வளவு தவறின என்ற கணக்கு. அதன்மேல் நிபுணர்களின் மதிப்பீடும் சேரும்.

பலவீனமும் அங்கேதான். அமைதியான ஆண்டுகளின் தவறுகளைக் கொண்டு அளந்த விசிறி, அசாதாரணக் காலத்துக்குப் போதாது. 2021 ஆகஸ்டில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து, ஆண்டு இறுதியில் பணவீக்கம் தற்காலிகமாக 4 சதவீதத்தைத் தொட்டுப் பின் இறங்கும் என்று கணித்தது. 2022 அக்டோபரில் அது 11.1 சதவீதம், விசிறிக்கு வெகுதூரம் வெளியே.

ஒருமுறை வெளியே போனதால் மட்டும் வரைபடம் பொய்யாகிவிடாது. பல ஆண்டுக் கணிப்புகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். 50 சதவீதப் பட்டைக்குள் ஏறக்குறைய பாதி முறை விழுந்தால் விசிறி சரி. கிட்டத்தட்ட எல்லாமே உள்ளே விழுந்தால், தேவைக்கு மேல் விரித்திருக்கிறார்கள். அடிக்கடி வெளியே போனால், வங்கிக்குத் தன்மேல் அளவுகடந்த நம்பிக்கை.

பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கணிப்பு முறையை ஆராய்ந்த பென் பெர்னான்கி, விசிறியைக் கைவிட்டு மாற்றுச் சூழல்களை விவரிக்கும்படி 2024-இல் பரிந்துரைத்தார். அவர் சொல்லும் விவரிப்பு தேவைதான். ஆனால் விசிறியையும் எடுத்துவிட்டால் பொதுவாசகர் கையில் நடுக்கோட்டு எண் மட்டுமே மிஞ்சும். அடுத்தமுறை 'பணவீக்கம் இவ்வளவு இருக்கும்' என்ற ஒற்றை எண்ணைச் செய்தியில் கண்டால், அறிக்கையைத் திறந்து பட்டையின் அகலத்தையும் பாருங்கள்.