ஒரு முற்றும் ஐந்து எச்சங்களும்

எபேசியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் 18 முதல் 21 வரையுள்ள வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நீண்ட தொடராக அமைகின்றன. மதுவெறியை விலக்கியபின் 'ஆவியால் நிறைந்திருங்கள்' என்னும் ஏவல் வருகிறது. பேசுதல், பாடுதல், இசைத்தல், நன்றி செலுத்துதல், ஒருவருக்கொருவர் பணிதல் என ஐந்து எச்சங்கள் அதன் பின்னே தொடர்கின்றன.

தமிழில் வினையெச்சம் முற்றுக்கு முன் நிற்பதே இயல்பு. ஆனால் 'பேசி, பாடி, இசைத்து, நன்றி செலுத்திப் பணிந்து நிறைந்திருங்கள்' என்றால், அச்செயல்கள் நிறைவுக்கு முந்திய வழிகளாகிவிடும். கிரேக்கமோ அவற்றை நிறைவின் வெளிப்பாடாகவும் கொள்ள இடந்தருகிறது. ஐந்தையும் வெறும் ஏவல்களாக்கினாலோ, எல்லாம் சமமாகித் தலைமை வினை மறைந்துவிடும்.

ஆகவே, 'ஆவியால் நிறைந்திருங்கள்' என்று வாக்கியத்தை முடிப்போம். அடுத்ததை 'அவ்வாறு நிறைந்தவர்களாய்' எனத் தொடங்கிப் பேச்சையும் பாடலையும் இசையையும் அதில் அடக்குவோம். நன்றிக்கு ஒரு வாக்கியமும் பணிதலுக்கு ஒரு வாக்கியமும் போதும்.

இறுதி வாக்கியத்திலேதான் இடர் உள்ளது. பாப்பிரசு 46, வத்திக்கான் ஏடு ஆகிய பழம்படிகளில், மனைவியரைப் பற்றிய 22ஆம் வசனத்துக்குத் தனி வினை இல்லை. முன்வந்த 'பணிந்து' என்பதே அதற்கும் வினை. தமிழில் அவ்வினையை மீண்டும் எழுத நேர்கிறது. இடையே தலைப்பும் இட்டுவிட்டால், ஒருவருக்கொருவர் பணிதல் என்னும் பொதுநெறி அறுந்து, மனைவியர்க்கு மட்டுமான கட்டளை எஞ்சும். எனவே தலைப்பை 21ஆம் வசனத்துக்கு முன்னரே இடுவோம். 22ஐ 'அவ்வகையில்' என்று தொடங்குவோம்.