உங்களுக்குத் தெரியுமா? மூட்டைக்குள் மூப்படையும் விதைக் கடலை

● இஸ்ரேலின் மசாதா மலைக்கோட்டையில் கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்று சுமார் 2,000 ஆண்டு கிடந்தபிறகு, 2005-இல் ஊன்றப்பட்டு முளைத்தது. நம் வீட்டு மூட்டையில் இருக்கும் நிலக்கடலையோ ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். எண்ணெய் மிகுந்த விதை அது. எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடக் கெட, உயிரணுக்களின் சவ்வும் சேர்ந்து பழுதாகும்.

● சித்திரையில் பிடுங்கிய கடலையைக் கார்த்திகைப் பட்டம்வரை வைத்திருப்பவர்கள் அதைக் காயாகவே வைப்பது சோம்பலால் அல்ல. ஓடுதான் விதைக்குக் கவசம். பருப்பின் தோல் மெல்லியது. உடைத்துவிட்டால் ஈரமும் பூஞ்சையும் நேரே உள்ளே போகும். அதனால் விதைப்புக்கு ஓரிரு வாரம் முன்புதான் உடைப்பார்கள், முடிந்தால் கையால்.

● விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. அமெரிக்க விதையியலாளர் ஹாரிங்டன் சொன்ன தோராயக் கணக்கு இது. குளிர்பதன அறை நமக்குக் கட்டுப்படியாகாது, வெயில் உண்டு. ஈரம் 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காய வைத்து, மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

● முளைப்புத்திறன் மாதாமாதம் ஒரே அளவில் குறையாது. முதல் சில மாதம் 90-க்கு மேலேயே நின்று நம்மை ஏமாற்றும். பிறகு மளமளவென்று சரியும். பிடுங்கிய புதிதில் பார்த்த எண்ணை நம்பி மார்கழியில் விதைத்து ஏமாறுவது இதனால்தான். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். அப்போதுதான் சரியில்லை என்றால் வேறு விதை தேட அவகாசம் இருக்கும்.

● மூட்டையின் வாயைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளினால் அது சோதனைக்கான மாதிரி ஆகாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலக்க வேண்டும். சுவரோரம் நனைந்த மூட்டை இருந்தால் அதற்குத் தனிச் சோதனை. உடைத்த பருப்பில், விதைக்கும்போது எப்படியும் கழிக்கப்போகிற சுருங்கல், உடைசலை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தில் கைக்கு வந்தபடி எண்ணுங்கள். அழகான பருப்பாகப் பொறுக்கினால் சோதனை நம்மைப் புகழும், வயல் புகழாது.

● கழுவிய ஆற்றுமணலை ஈரமாக்கித் தட்டில் பரப்பி, விதைகளை ஊன்றி, பத்தாம் நாள் எண்ண வேண்டும். வேர் எட்டிப்பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. வேரும் தண்டும் பழுதில்லாமல் வளர்ந்த நாற்று மட்டுமே 'முளைத்தது'. குருத்து கருகியது, வேர் கட்டையாக நின்றது, பூஞ்சை படர்ந்து கொழகொழத்தது எல்லாம் கழிவு.

● 100 விதையில் 80 முளைத்தால் முளைப்பு 80 சதவீதமா? கண்டிப்பாகச் சொல்ல முடியாது. தற்செயலால் மட்டுமே, உண்மை நிலை 72 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம். 400 விதை போட்டால் இந்த இடைவெளி பாதியாகும். விதைப் பரிசோதனை நிலையங்கள் நூறு நூறாக 400 விதை வைப்பது இதனால்தான். வீட்டில் 200-ஆவது வைக்கலாமே.

● இனி எவ்வளவு ஒதுக்குவது? 90 சதவீதம் முளைக்கும் பருப்பை ஏக்கருக்கு 50 கிலோ போடுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் 75 வந்தால் 50-ஐ 90-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும்: 60 கிலோ பருப்பு. 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு, அதில் 10 கிலோ கழிவு என்றால், 60 கிலோவுக்கு 100 கிலோ காய் வேண்டும். முளைப்பு 90-லேயே நின்றிருந்தால் 83 கிலோ காய் போதும். ஆகவே அறுவடையின்போது ஏக்கருக்கு 100 கிலோ ஒதுக்கிவிட்டு, கடைசிச் சோதனைக்குப் பிறகு மிச்சத்தை விற்பதுதான் புத்திசாலித்தனம்.

● முளைப்பு 50-ஆக இறங்கினால் இதே கணக்கு 90 கிலோ பருப்பு போடச் சொல்லும். கேட்காதீர்கள். பாதி செத்த குவியலில் பிழைத்த பாதியும் கிழடு தட்டியதே: மேலே வர நாளாகும், வருவதும் முன்பின்னாக வரும், கழுத்தழுகலுக்கு எளிதில் இரையாகும். கடலை விதைக்கு இந்தியச் சட்டம் குறைந்தபட்சமாகக் கேட்பது 70 சதவீதம். அதற்குக் கீழே போனால் விதையை மாற்றுவதே நல்லது.

● மருந்து கலந்த விதைநேர்த்திப் பருப்பு மிஞ்சினால் சாப்பிடவும் கூடாது, செக்குக்கும் போகக் கூடாது. எத்தனை கிலோ என்று முடிவான பிறகு, அந்த அளவுக்கு மட்டும் உடைத்து மருந்து கலக்குங்கள்.