கன்சல்டன்சிக்கு ஒரு மின்னஞ்சல்

"பார்ட் டைம் வேலை பார்க்கலாமா சார்? படிப்பு முடிஞ்சதும் ஒர்க் பெர்மிட் கிடைக்குமா?"

பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க நினைக்கும் பிள்ளைகள் கன்சல்டன்சியிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான். "கிடைக்கும் தம்பி, எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று பதில் வரும். அதில் பொய் இல்லை. ஆனால் நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கப்போகும் குடும்பத்துக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது தேதிகள்.

வீரகேரளம்புதூரில் பி.இ. முடித்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்கு இடம் தந்திருக்கிறது. படிப்பு 2026 செப்டம்பர் 14-ல் தொடங்கி 2027 செப்டம்பர் 10-ல் முடிகிறது. சேர்க்கைக் கடிதத்தில் 'ஓராண்டு' என்றுதான் இருக்கும். விசா அதிகாரி நாட்களை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு மாதத்துக்குச் சில நாட்கள் குறைகின்றன.

அந்தச் சில நாட்களில்தான் எல்லாம் இருக்கிறது. படிப்பு பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ இருந்தால், முடிந்த பிறகு நான்கு மாதம் தங்க மாணவர் விசா இடம் தரும். அதற்குக் குறைந்தால் இரண்டே மாதம். நம் மாணவரின் விசா 2027 நவம்பர் 10-ல் தீர்ந்துவிடும். இதே படிப்பு செப்டம்பர் 17-ல் முடிவதாக இருந்தால் 2028 ஜனவரி 17 வரை இருக்கலாம். ஏழு நாள் வித்தியாசம், இரண்டு மாத இழப்பு.

அந்த இரண்டு மாதம் ஏன் முக்கியம்? படித்தபின் வேலை பார்க்கத் தரப்படும் 'கிராஜுவேட் விசா'வுக்கு பிரிட்டனில் இருந்தபடியே, மாணவர் விசா தீர்வதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், மாணவர் தேறிவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் முடிவுகளை உறுதிசெய்யும் தேர்வுக் குழு கூடியாக வேண்டும். செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் குழு நவம்பர் கடைசியில் கூடுமானால், நவம்பர் 10-ல் விசா தீர்கிறவர் என்ன செய்வார்? ஒரு தாளில் அரியர் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது, அந்த விசாவின் நீளம். பழைய நோட்டீஸ்களில் 'இரண்டு வருஷம்' என்றுதான் இருக்கும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டக்காரர்களுக்கு மட்டும் மூன்று வருஷம் தொடர்கிறது. கணக்கில் வருவது விண்ணப்பிக்கும் நாள். படிப்பில் சேர்ந்த நாள் அல்ல. ஆகவே 2026 செப்டம்பரில் சேர்கிறவர் பதினெட்டு மாதத்தை நம்பித்தான் திட்டமிட வேண்டும். இந்த விசாவை நீட்டிக்கவும் முடியாது. விண்ணப்பக் கட்டணமும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 2,400 பவுண்டுக்குக் குறையாது. பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தாலே 2,76,000 ரூபாய். முகவர் தரும் செலவுப் பட்டியலில் இந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை வங்கிக் கணக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். நம் மாணவருக்கு அது 2028 செப்டம்பர். டிசம்பர் 2027-ல் கிராஜுவேட் விசா கிடைத்தாலும் 2029 ஜூன் வாக்கில் தீர்ந்துவிடும். தவணை கட்டத் தொடங்கி ஏறக்குறைய ஒன்பதே மாதம். அதற்குள் விசா ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். திறன் பணியாளர் விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு இந்த எண்களைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பார்ட் டைம் வேலைக்கு வருவோம். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விப் பருவத்தில் வாரம் இருபது மணி நேரம். பட்டத்துக்குக் கீழான படிப்பென்றால் பத்து. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் இருபத்தைந்து, அடுத்த வாரம் பதினைந்து என்று சரிக்கட்ட முடியாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் எண்ணுவார்கள். சொந்தத் தொழிலுக்கும் அனுமதியில்லை. செயலி வழியாகச் சாப்பாடு டெலிவரி செய்வது பெரும்பாலும் சுயதொழிலாகவே எண்ணப்படுவதால், அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பிள்ளை இரட்டை ஆபத்தில் இருக்கிறது. பிடிபட்டால் விசா ரத்தாகலாம்.

"கோடை விடுமுறையில் ஃபுல் டைம் பார்க்கலாம்" என்ற பேச்சு இளநிலை மாணவருக்குப் பொருந்தும். ஓராண்டு முதுநிலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பு நடக்காவிட்டாலும் பொதுவாக அது கல்விப் பருவம்தான். இருபது மணி நேரம் அப்போதும் பொருந்தும். வேலை கொடுப்பவரும் பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

வருமானம் எவ்வளவு? 2026 ஏப்ரலிலிருந்து 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. இருபது மணி நேரமும் ஒரு வாரம் தவறாமல் கிடைத்தால் மாதம் சுமார் 1,100 பவுண்டு. லண்டனுக்கு வெளியே தங்கும் மாணவரிடம் மாதச் செலவுக்காக இருக்க வேண்டும் என்று விசா விதி கேட்பதோ 1,171 பவுண்டு. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே முழுதாகக் காணாத பணத்தில் கல்விக் கட்டணத்தின் இரண்டாம் தவணையைக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசாவுக்குக் காட்டும் தொகையிலும் இந்தக் கூலியைச் சேர்க்க முடியாது.

ஆகவே மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் சார். முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு விவரங்கள் எழுத்தில் வேண்டும். ஒன்று, என் சிஏஎஸ் ஆவணத்தில் வரப்போகும் படிப்புத் தொடக்க, முடிவுத் தேதிகள் என்ன? அதன்படி மாணவர் விசா எந்தத் தேதி வரை கிடைக்கும்? இரண்டு, என் படிப்புக்கான பருவத் தேதிகள் எந்தப் பக்கத்தில் உள்ளன? ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக் காலமா, விடுமுறையா? மூன்று, சென்ற ஆண்டு இதே படிப்பில் தேர்ச்சி விவரத்தை உள்துறைக்கு எந்தத் தேதியில் தெரிவித்தார்கள்? நான்கு, விதிகளைச் சரியாகப் பின்பற்றிய உயர்கல்வி நிறுவனம் என்ற தகுதி பல்கலைக்கழகத்துக்கு இப்போது இருக்கிறதா? இதையே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்."

நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அந்தத் தகுதி இல்லாத நிறுவனத்தில் படித்தால் பார்ட் டைம் உரிமையும் இல்லை, கிராஜுவேட் விசாவும் இல்லை. சேரும்போது இருந்து, விண்ணப்பிக்கும்போது இல்லாமல் போனாலும் அதே கதிதான்.

மின்னஞ்சலின் கடைசி வரி முகவர் மேல் சந்தேகப்பட்டு எழுதுவதல்ல. நம்மிடம் பணம் வாங்காத கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருகிறது. சேர்க்கை நடந்தால்தான் அது வரும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வரும் பதிலே மாணவர் கையில் இருக்கும் உறுதியான ஆதாரம்.

நல்ல முகவர் இரண்டு மூன்று நாளில் தேதிகளோடு எழுதுவார். தெரியாததைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுச் சொல்வதாகவும் சொல்வார். "போன் பண்ணுங்க தம்பி, நேரில் பேசிக்கலாம்" என்று மட்டும் திரும்பத் திரும்பப் பதில் வந்தால் முன்பணத்தைக் கட்டாமல் நிறுத்தி வையுங்கள். படிப்பு முடியும் தேதி பன்னிரண்டு மாதத்துக்குச் சில நாள் முன்னதாக இருந்தால், தேர்வுக் குழு எப்போது கூடும் என்பது தெரியாமல் அந்தப் படிப்பில் சேர வேண்டாம்.