நீதிமன்றப் படிக்கட்டு – 11: கூர்ச்சீட்டு சாட்சி சொல்லுமா?

இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று. அதோடு கோத்த வெள்ளைத்தாள்கள் இரண்டு. ‘அண்ணன் தம்பி இருவருக்குள்ளும் மேற்கொண்டு மனஸ்தாபம் வராதிருக்கும் பொருட்டு, மத்தியஸ்தர்கள் முன்னிலையில் இன்று முதல் வடபாகம் இரண்டரை ஏக்கர் மூத்தவருக்கும், தென்பாகம் இரண்டரை ஏக்கரும் கிணறும் இளையவருக்கும் பாத்தியப்பட்டதென்று பிரித்துக்கொண்டு…’ என்று போகிறது வாசகம். கீழே இருவர் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து. 1998-ல் எழுதியது. சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலைக்கூட அது மிதித்ததில்லை.

நான் சொல்லும் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்த மாதிரிக் கூர்ச்சீட்டு இல்லாத சிவில் கோர்ட்டு நம் ஊரில் இருக்காது. தம்பி காலமாகிவிட்டார். வடபாகத்தை ஒட்டிப் புறவழிச்சாலை வந்ததும் தம்பி மகன் வழக்குப் போட்டார்: ‘நிலம் இன்னும் பாகம் ஆகவில்லை, பொதுவில்தான் இருக்கிறது, பாதி எனக்கு வேண்டும்.’ பெரியப்பா கூண்டேறி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கூர்ச்சீட்டை நீட்டுகிறார். வாதியின் வக்கீல் எழுந்து, “பதிவு ஆகலை, ஸ்டாம்ப்பும் போதாது. மார்க் பண்ணக் கூடாது” என்கிறார்.

ஒரே மூச்சில் சொன்னாலும் அவை இரண்டு ஆட்சேபணைகள். வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருபவை, வெவ்வேறு விதமாக வேலை செய்பவை. முத்திரைத் தீர்வை குறைந்தால் ஆவணம் மொத்தமாக வாயடைத்துப் போகும். ஆனால் பணம் கட்டினால் வாய் திறக்கும். பதிவு இல்லாமை அப்படியல்ல. எவ்வளவு பணம் கட்டினாலும் தீராது. ஆனால் மொத்தமாகவும் வாயடைக்காது. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பதிவுச் சட்டம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். 1998-ல் எழுதியதை இன்று எந்தச் சார்பதிவாளரும் வாங்க முடியாது.

இரண்டையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தாள் பதிவு செய்யப்பட வேண்டிய தாளா? இந்துக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வாய்மொழியாகவே நடக்கலாம். வாயால் பிரித்துக்கொண்டு, பிற்பாடு ஞாபகத்துக்காக ஒரு பட்டியல் எழுதி வைத்தால் அது வெறும் குறிப்பு; அதற்குப் பதிவு தேவையில்லை. ரோஷன் சிங் எதிர் ஜிலே சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-ல் சொன்னது இதைத்தான். உரிமையை உண்டாக்குவதே அந்தத் தாள் என்றால் கதை வேறு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும், மாற்றும், முடிக்கும் எந்த எழுத்தும் பதிவுச் சட்டம் 17-வது பிரிவின்கீழ் பதிவாகியே தீர வேண்டும்.

ஆகவே வழக்கின் கனம் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘போன மாசியில் பேசிப் பிரித்துக்கொண்டு அவரவர் அனுபவித்து வருகிறபடி’ என்று எழுதியிருந்தால் பெரியப்பா பிழைத்தார். ‘இன்று முதல்’ என்று எழுதியிருக்கிறதே! எழுதிக் கொடுத்தவர் ஊர்க் கணக்கெழுத்துக்காரராக இருந்திருப்பார். பத்திர பாஷையில் ‘இன்று முதல்’ தானாக வந்து விழும். அந்த இரண்டு சொற்கள் இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும். தலைப்பில் ‘ஞாபகக் குறிப்பு’ என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பலிக்காது. ஆந்திராவிலிருந்து வந்த எல்லப்பு உமா மகேஸ்வரி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், ஆவணத்துக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் கூர்ச்சீட்டு ‘இன்று முதல்’ ரகம். எனவே இரண்டு தடைகளையும் அது தாண்டியாக வேண்டும்.

முதலில் முத்திரை. இந்திய முத்திரைச் சட்டம் 1899-ன் 35-வது பிரிவு, உரிய தீர்வை செலுத்தாத ஆவணத்தை ‘எந்த நோக்கத்துக்காகவும்’ சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது. இந்த ‘எந்த நோக்கத்துக்காகவும்’ என்பதன் வீச்சு பல வக்கீல்களுக்கே பிடிபடுவதில்லை. “உரிமைக்காகக் கேட்கவில்லை, அனுபவத்தைக் காட்ட மட்டும்தான் கேட்கிறேன்” என்று வாதாடுவார்கள். அந்த வாதம் பதிவுச் சட்டத்துக்குத்தான் பொருந்தும், முத்திரைச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அவினாஷ் குமார் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. எதிர்த்தரப்பு சும்மா இருந்தாலும் நீதிபதி சும்மா இருக்கக் கூடாது. தீர்வை குறைந்த ஆவணம் கண்ணில் பட்டால் அதை இம்பவுண்டு செய்வது, அதாவது பிடித்து வைப்பது, 33-வது பிரிவின்படி அவர் கடமை.

பிடித்து வைத்த பிறகு இரண்டு வழிகள் உண்டு. 1998-ல் எழுதிய நாளில் கட்டியிருக்க வேண்டிய தீர்வையில் 6,000 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டிலேயே கட்டினால் குறைந்த 6,000, அதன் பத்து மடங்கு அபராதம் 60,000, ஆக 66,000 ரூபாய். கட்டியதும் முத்திரைத் தடை நீங்கிவிடும். பத்து மடங்கைக் குறைக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை. இன்னொரு வழி, கோர்ட்டில் கட்டாமல், மூல ஆவணத்தை ஆட்சியருக்கு அனுப்பும்படி கேட்பது. 40-வது பிரிவின்கீழ் அவர் விதிக்கும் அபராதம் பத்து மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பத்து மடங்கேதான் என்று சொல்லவில்லை. ஏமாற்றும் நோக்கம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் உச்சபட்ச அபராதம் போடக் கூடாது என்று எச்.சி. தண்டா அறக்கட்டளை வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பெரியப்பா ஏமாற்றவா இருபது ரூபாய்த் தாள் வாங்கினார்? அவர் இரண்டாவது வழியில் போவதே நல்லது. சான்று பெற்று ஆவணம் திரும்பி வரும்வரை வழக்கு காத்திருக்கும், அவ்வளவுதான். அபராதத்தைக் குறைக்க நீதிபதியால் முடியாது, ஆட்சியரால் முடியும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதுமே விசித்திரமாகத்தான் படுகிறது.

இந்த மருந்துக்குக் கட்டுப்படாத நோய்களும் இருக்கின்றன. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை எத்தனை மடங்கு அபராதம் கட்டியும் மீட்க முடியாது. 35-வது பிரிவே அதை விலக்கி வைத்திருக்கிறது. மூலம் தொலைந்து ஜெராக்ஸ் மட்டும் கையில் இருந்தாலும் அதே கதிதான். நகலை இம்பவுண்டு செய்யவோ, அதற்குத் தீர்வை வாங்கிச் சரிசெய்யவோ முடியாது என்பது 2007-ல் ஹரி ஓம் அகர்வால் வழக்கின் தீர்ப்பு.

பணம் கட்டியாகிவிட்டது. இப்போது பதிவுச் சட்டம் 49-வது பிரிவு வழிமறிக்கிறது. பதிவாக வேண்டிய ஆவணம் பதிவாகாவிட்டால் அது சொத்தில் உரிமை எதையும் தராது. அந்தப் பரிவர்த்தனைக்குச் சாட்சியமாகவும் ஏற்கப்படாது. ‘வடபாகம் எனக்கே சொந்தம், இதோ பாருங்கள்’ என்று பெரியப்பா இதைக் காட்ட முடியாது. எழுத்தில் இருக்கும் ஷரத்தை வாய்ச்சாட்சியத்தால் நிரூபிக்கக் கூடாது என்ற சாட்சியச் சட்ட விதியும் சேர்ந்துகொள்வதால், மத்தியஸ்தர்களை அழைத்து வந்து அதையே வாயால் சொல்ல வைக்கவும் முடியாது.

ஆனால் அந்தப் பிரிவின் வரம்புரையில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: பதிவு தேவைப்படாத, துணையான வேறொரு விஷயத்தைக் காட்ட அந்த ஆவணத்தைப் பயன்படுத்தலாம். உமா மகேஸ்வரி வழக்கிலும் தீர்வையும் அபராதமும் கட்டிவிட்டு அந்த வழியில் வரலாம் என்றுதான் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. நம் வழக்கில் துணை விஷயம் எது? 1998 முதல் இருவரும் கூட்டுக் குடும்பமாக இல்லை, பிரிந்துவிட்டார்கள் என்பது. வடபாகத்தில் பெரியப்பா இருப்பது பங்காளி என்ற முறையில் அல்ல, தனியாக அனுபவிக்கிறார் என்பது. இந்த இரண்டுக்கும் கூர்ச்சீட்டைக் காட்டலாம். எந்தத் துண்டு யாருக்கு என்பது மட்டும் ஆவணத்தின் உயிர்நாடி. அதைத் துணை விஷயம் என்று சொல்லிப் பின்வாசல் வழியாக நுழைக்க முடியாது.

ஆகவே கெட்டிக்கார வக்கீல் கூர்ச்சீட்டை மட்டும் நம்பி நிற்க மாட்டார். தனிப்பட்டா எப்போது மாறியது? கிஸ்தி யார் பெயரில் கட்டப்பட்டது? தென்பாகக் கிணற்று மோட்டார் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? தம்பி உயிரோடிருந்தபோது தன் பாகத்தில் ஒரு துண்டை விற்றுப் பதிவு செய்திருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் ‘அண்ணன் பாகத்து நிலத்துக்குத் தெற்கு’ என்று எழுதியிருக்குமே! வாதியின் அப்பாவே போட்ட கையெழுத்து அது, பதிவான ஆவணமும்கூட. கூர்ச்சீட்டு தனியாகச் சொல்ல முடியாததை இவையெல்லாம் சேர்ந்து சொல்லிவிடும்.

எப்போது ஆட்சேபிக்க வேண்டும் என்பதிலும் இரண்டு சட்டங்களும் பிரிகின்றன. முத்திரை ஆட்சேபணையை, ஆவணம் சான்றாவணமாகக் குறிக்கப்படும் முன்பே எழுப்ப வேண்டும். எண் கொடுத்து ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த வழக்கின் எந்தக் கட்டத்திலும் முத்திரை குறைவு என்று கிளப்ப முடியாது. 36-வது பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. வாதியின் வக்கீல் அன்று ஜுரத்தில் வராமல், ஜூனியர் பேசாமல் நின்றிருந்தால் பெரியப்பாவுக்கு 66,000 ரூபாய் மிச்சம். நீதிபதி ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று எழுதிக் குறித்திருந்தால் மட்டும் அது ஏற்றதாகாது, கேள்வி உயிரோடிருக்கிறது என்று ராம் ரத்தன் வழக்கில் 1978-ல் முடிவானது. பதிவின்மைக்கு இந்தக் காலக்கெடு இல்லை. எண் போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பதிவாகாத தாள் உரிமைப் பத்திரமாகிவிடாது. அதை மேல்முறையீட்டிலும் பேசலாம்.

இதே 49-வது பிரிவின் வரம்புரையில் இன்னொரு ஜன்னலும் உண்டு. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். அப்படியும், ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கக் கேட்கும் ஏற்றதை ஆற்றுக வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. 17-வது பிரிவைத் திருத்திய சட்டமன்றம் இந்த வரம்புரையைத் தொடவில்லை என்பதே காரணம்.

பெரியப்பாவின் வழக்கில் வாதி தம்பி மகன். வாதியாக வந்தவர் கூடப்பிறந்த தங்கையாக இருந்தால் இந்தக் கணக்கு பெரிய அளவில் மாறும். கையெழுத்துப் போடாத அவரைக் கூர்ச்சீட்டு கட்டுப்படுத்தாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தந்த 2005 திருத்தம், 20.12.2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளுக்கு விலக்கு அளித்தாலும், பதிவான பத்திரம் அல்லது கோர்ட்டு டிக்ரி மூலம் நடந்ததை மட்டுமே பாகப்பிரிவினை என்கிறது. வாய்மொழிப் பிரிவினை என்று சொல்பவரை எளிதில் நம்பக் கூடாது, அரசுப் பதிவேடுகள் போன்ற பொது ஆவணங்கள் உறுதியாகத் துணை நிற்கும் அபூர்வமான வழக்குகளில் மட்டுமே ஏற்கலாம் என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அங்கே பெரியப்பாவின் 66,000 ரூபாய் பெரும்பாலும் வீண் செலவு. வடபாகத்தின் தனிப்பட்டா எந்த ஆண்டில் மாறியது என்பதைத்தான் கோர்ட்டு முதலில் கேட்கும்.