வராது என்று கணக்குப் போட்டான்... புதன்கிழமை வந்துவிட்டது டெஸ்ட்!

கலவையில் ஒரு பத்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடிக்கும் நேரம். கணக்கு சார் சொல்கிறார்: "அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளிக்குள்ள ஒரு நாள் டெஸ்ட் உண்டு. என்னைக்குன்னு முந்தின நாள் சாயங்காலம்கூட உங்களால கண்டுபிடிக்க முடியாது!"

கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்கிறான். 'வியாழன் வரை டெஸ்ட் வைக்கவில்லை என்றால், மிச்சம் வெள்ளி மட்டும்தான். வியாழன் சாயங்காலமே தெரிந்துவிடும். ஆக, வெள்ளி கிடையாது. வெள்ளி போனால் வியாழன்தான் கடைசி நாள். அது புதன் சாயங்காலமே தெரிந்துவிடும். ஆக, அதுவும் கிடையாது.' இப்படியே புதன், செவ்வாய், திங்கள் எல்லாம் காலி. "டெஸ்ட்டே இல்லடா!" என்று புத்தகத்தை மூடிவிடுகிறான்.

புதன்கிழமை காலை சார் கேள்வித்தாளோடு வருகிறார். பையன் துளியும் எதிர்பார்க்கவில்லை. அதாவது, சார் சொன்னது அப்படியே பலித்துவிட்டது!

இந்தப் புதிர் பிறந்தது ஸ்வீடனில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு வானொலி, 'இந்த வாரம் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். எந்த நாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது' என்று அறிவித்தது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று முதலில் கவனித்தவர் லென்னார்ட் எக்போம் என்கிற கணித ஆசிரியர். பிறகு தத்துவ அறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1953-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன், பையனின் கணக்கு முதல் படியிலேயே சறுக்குகிறது என்று எழுதினார்.

எப்படி? வியாழன் சாயங்காலத்துக்கே போய்ப் பார்ப்போம். டெஸ்ட் இன்னும் வரவில்லை. சார் சொன்னது இரண்டு விஷயம்: டெஸ்ட் உண்டு, அது உனக்கு முன்கூட்டித் தெரியாது. நாளை டெஸ்ட் என்று பையன் உறுதியாக நம்பினால், இரண்டாவது பொய்யாகிறது. ஒன்று பொய்யானால் மற்றதை மட்டும் எப்படி நம்புவது? ஒருவேளை டெஸ்ட்டே இல்லையோ என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்துவிட்டாலே போதும், வெள்ளிக்கிழமை டெஸ்ட்டும் திடீர் டெஸ்ட்தான்! வியாழன் சாயங்காலமும் சார் பேச்சில் தனக்குச் சந்தேகமே வராது என்று பையன் முன்கூட்டியே முடிவுகட்டியதுதான் பிழை.

ஒரே நாளாகச் சுருக்கினால் இது பளிச்சென்று தெரியும். "நாளைக்கு டெஸ்ட், ஆனா அது உனக்குத் தெரியாது" என்கிறார் சார். நம்பினால் பொய்யாகும், நம்பாவிட்டால் மெய்யாகும். மெய்யாக வாய்ப்புள்ள பேச்சுதான். கேட்பவரால் மட்டும் அதை முழுசாக நம்ப முடியாது.

குவைன் சொன்னதை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. 'வழக்கமாகச் சொன்ன சொல் தவறாத சார் என்றால், திங்கட்கிழமை அவர் பேச்சை நம்புவதில் என்ன தப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். திங்களன்று அந்த நம்பிக்கைக்குக் குறையில்லை. நான்கு நாள் டெஸ்ட் வராமல் கழிந்த பிறகும் அது அதே பலத்தோடு இருக்குமா என்பதுதான் சிக்கல்.

சாருக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து நாள்களையும் சீட்டெழுதிக் குலுக்கிப்போட்டு, வெள்ளி வந்தால் என்ன செய்வார்? வியாழன் ராத்திரி பாதி வகுப்பாவது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். அந்தச் சீட்டை மட்டும் அவர் சத்தமில்லாமல் கிழித்துப்போடக்கூடும். அது பையன்களுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த தடவை கணக்கு வியாழனிலிருந்து ஆரம்பிக்கும்!