மூன்று லட்ச ரூபாய்த் தள்ளுபடி எந்த ஆண்டின் செலவு?

1966 டிசம்பரில் மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடனீட்டுப் பத்திரங்களை, அதாவது டிபென்ச்சர்களை, வெளியிட்டது. தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்று இன்று நாம் அறிந்திருக்கும் நிறுவனத்தின் பழைய பெயர்தான் அது. நூறு ரூபாய் முகமதிப்புக்கு 98 ரூபாய் கட்டினால் போதும். பன்னிரண்டு ஆண்டு கழித்து நூறு ரூபாயும் திரும்பக் கிடைக்கும். நிறுவனத்தின் கைக்கு வந்தது 1 கோடியே 47 லட்சம். திருப்பித் தர வேண்டியது 1 கோடியே 50 லட்சம். இடையிலிருக்கும் 3 லட்சம்தான் தள்ளுபடி.

அந்த 3 லட்சத்தை எந்த ஆண்டின் செலவாக எழுதுவது என்ற கேள்வி வருமான வரித் துறையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997-இல்தான் தீர்ப்பு வந்தது. தள்ளுபடிக் கணக்கின் அடிப்படை முழுவதையும் இந்த ஒரு வழக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில், ஒரு நிறுவனம் ஏன் தள்ளுபடியில் பத்திரம் வெளியிடுகிறது? வட்டிக்கடைக்காரர் பத்தாயிரத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார். பிடித்த ஆயிரமும் வட்டிதான் என்பது கடன் வாங்கியவருக்கு நன்றாகவே தெரியும். இங்கும் அதே கதைதான். சந்தையில் மற்றவர்கள் தரும் வட்டியைவிடப் பத்திரத்தில் அச்சிட்ட வட்டி சற்றுக் குறைவாக இருந்தால், முழு விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்தால் முதலீட்டாளருக்குக் கணக்கு சரியாகிவிடும். ஆண்டுதோறும் கைக்கு வரும் வட்டி ஒரு பங்கு. கடைசியில் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு ரூபாய் மறு பங்கு. ஆகவே தள்ளுபடி என்பது பொருள் விற்கும் கடையில் விலையைக் குறைப்பதுபோல அன்றோடு முடிந்துபோகும் இழப்பு அல்ல. கடைசி நாளில் கொடுக்கப்போகும் வட்டி அது.

இங்கே சட்டம் பங்கையும் கடனையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, பங்குகளைத் தள்ளுபடியில் வெளியிடத் தடை போடுகிறது. பங்கு மூலதனம் கடன் கொடுத்தவர்களுக்கான பாதுகாப்பு. அது ஏட்டில் இருக்கும் அளவுக்கு உண்மையிலும் வந்திருக்க வேண்டும். கடனீட்டுப் பத்திரத்துக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் அது கடன்.

இனிக் கணக்கேட்டுக்கு வருவோம். பத்திரம் ஒதுக்கிய நாளில் போடும் குறிப்பேட்டுப் பதிவு சுருக்கமானது. வங்கிக் கணக்கில் 1,47,00,000 பற்று. கடனீட்டுப் பத்திர வெளியீட்டுத் தள்ளுபடிக் கணக்கில் 3,00,000 பற்று. எதிர்ப்பக்கம் கடனீட்டுப் பத்திரக் கணக்கில் 1,50,00,000 வரவு. கடன் முழு முகமதிப்பில்தான் எழுதப்படுகிறது. ஆண்டு வட்டியையும் முகமதிப்பின் மேல்தான் கணக்கிட வேண்டும். கைக்கு வந்த 98-இன் மேல் வட்டி போட்டுவிடும் தவறு மாணவர்களின் விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும்.

இப்போது பேரேட்டில் 3 லட்சம் பற்று இருப்பாக நிற்கிறது. அதை என்ன செய்வது? கார்ப்பரேஷனின் கணக்காண்டு ஜூன் 30-இல் முடியும். பன்னிரண்டு ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் ஆண்டுக்கு 25,000. பத்திரம் டிசம்பரில் வெளியானதால் முதல் கணக்காண்டுக்கு அரை ஆண்டுப் பங்கு, அதாவது 12,500 ரூபாயை மட்டும் செலவாக எழுதினார்கள். ஆண்டு முடிவில் இலாப நட்டக் கணக்கில் 12,500 பற்று, தள்ளுபடிக் கணக்கில் 12,500 வரவு. இதைத்தான் போக்கெழுதுதல் என்கிறோம். மீதி 2,87,500 அடுத்த ஆண்டுகளுக்குப் போகிறது.

முதல் ஆண்டு 12,500. அடுத்த பதினோரு கணக்காண்டுகளில் 25,000 வீதம் 2,75,000. கடைசி அரை ஆண்டுக்கு மறுபடி 12,500. மொத்தம் 3 லட்சம். பத்திரத்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுதான். ஆனால் போக்கெழுதுதல் பதின்மூன்று கணக்காண்டுகளைத் தொடுகிறது. ஆண்டு நடுவில் வெளியான பத்திரத்துக்கு முதல் ஆண்டிலேயே முழு 25,000 எழுதிவிட்டால், அந்த ஆண்டு தன்னுடையதல்லாத ஆறு மாதச் செலவையும் சுமக்கும்.

வழக்கில் நடந்தது இதுதான். நிறுவனம் தன் வரிக் கணக்கில் 12,500 மட்டும் கோரியிருந்தது. மேல்முறையீட்டின் போக்கில், முழு 3 லட்சத்தையும் அந்த ஒரே ஆண்டில் கழித்துத் தர வேண்டும் என்று கேட்டது. பொறுப்பு வெளியீட்டு நாளிலேயே உண்டாகிவிட்டதே, பிறகு ஏன் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அந்த வாதத்தின் உயிர். தள்ளுபடி செலவுதான் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்தக் கடனால் வரும் பயன் பன்னிரண்டு ஆண்டுக்கும் நீள்கிறது. முழுவதையும் ஒரே ஆண்டின் தலையில் கட்டினால் அந்த ஆண்டின் லாபம் உண்மைக்கு மாறாகத் தெரியும் என்று சொல்லி, நிறுவனம் முதலில் கோரிய 12,500-தான் சரி என்று முடித்தது. கணக்கர்கள் தங்கள் ஏட்டில் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததைத்தான் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததற்கும் அதுவே காரணம்.

ஆண்டுக்கு ஆண்டு சமமாகப் பிரிப்பது எப்போதும் சரியாகாது. முழுக் கடனும் கடைசி நாளில் ஒரே தொகையாகத் திருப்பித் தரப்படும்போது மட்டும்தான் அது பொருந்தும். இதே ஒன்றரைக் கோடியை, ஆண்டு முடிவில் 30 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முழுக்க 150 லட்சம் நிறுவனத்தின் கையில் இருந்தது. இரண்டாம் ஆண்டு 120 லட்சம், பிறகு 90, 60, 30. பயன்படுத்திய பணம் 5:4:3:2:1 என்ற விகிதத்தில் குறைகிறது. தள்ளுபடியும் அதே விகிதத்தில்தான் இறங்க வேண்டும். விகிதத்தின் கூட்டு 15. 3 லட்சத்தை 15-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 20,000. ஆகவே முதல் ஆண்டு 1,00,000, பிறகு 80,000, 60,000, 40,000, கடைசியில் 20,000. இதற்குப் பதில் ஆண்டுக்கு 60,000 என்று சமமாக எழுதினால், கடைசி ஆண்டில் வெறும் 30 லட்சம் கடனுக்கு 60,000 செலவு விழும். அந்த ஆண்டு கடன் மூன்று மடங்கு செலவு பிடித்ததுபோலக் காட்டும்.

நடைமுறையில் பெரிய தவறு நடக்கும் இடம் இன்னொன்று. நிறுவனம் தன் பத்திரங்களில் ஒரு பகுதியைத் தவணைக்கு முன்பே சந்தையில் வாங்கி ரத்து செய்துவிடும். பத்திரக் கணக்கைக் குறைத்துவிட்டு, தள்ளுபடிக் கணக்கைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பத்திரத்தில் ஆறாவது ஆண்டு முடிவில் 50 லட்சத்தை ரத்து செய்ததாகக் கொள்வோம். அப்போது போக்கெழுதாமல் மீதமிருக்கும் தள்ளுபடி 1,50,000. கடனில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டதால், தள்ளுபடியிலும் மூன்றில் ஒரு பங்கான 50,000 அன்றே வெளியேற வேண்டும். இல்லாத கடனுக்கு எதிர்காலச் செலவு இருக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொடக்கத்தில் தள்ளுபடி 2 சதவீதம். பாதி ஆயுள் முடிந்தபோது, மீதமிருக்கும் தள்ளுபடி மீதமிருக்கும் கடனில் 1 சதவீதமாக இருக்க வேண்டும். ஒரு கோடி கடனுக்கு 1,50,000 தள்ளுபடி நிற்கிறது என்றால் அது 1.5 சதவீதம்; எங்கோ எழுத வேண்டியது விடுபட்டிருக்கிறது. தணிக்கையாளர் கையில் கால்குலேட்டர் இருந்தாலே போதும். கடைசிப் பத்திரம் மீட்கப்படும் நாளில் தள்ளுபடிக் கணக்கு பைசா மிச்சமில்லாமல் தீர்ந்திருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய சோதனை.

போக்கெழுதாத தொகை இருப்புநிலைக் குறிப்பில் எங்கே உட்காரும்? பழைய படிவத்தில் சொத்துப் பக்கத்தின் அடியில், ‘பல்வகைச் செலவுகள், போக்கெழுதப்படாத அளவுக்கு’ என்ற தலைப்பில் கிடந்தது. 2011-12 முதல் வந்த திருத்தப்பட்ட படிவத்தில் அந்தத் தலைப்பே இல்லை. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் போக்கெழுதப்போகும் பகுதி பிற நடப்புச் சொத்துகளிலும், மற்றது பிற நடப்பல்லாத சொத்துகளிலும் போகிறது. சொத்து என்ற பெயர் இருந்தாலும், அதை விற்று ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஒரு நிறுவனத்தின் சொத்து மதிப்பைக் கணக்கிடும் முதலீட்டாளர் இந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையில் பத்திர முனைமம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. பங்குகளைக் கூடுதல் விலைக்கு விற்றதில் கிடைத்த அந்தத் தொகையிலிருந்து தள்ளுபடியை நேராகக் கழித்துவிட 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் இலாப நட்டக் கணக்கில் சுவடே தெரியாது. ஆனால் இந்தியக் கணக்கியல் தரநிலைகளை, பேச்சு வழக்கில் இண்ட் ஏஎஸ், பின்பற்றும் நிறுவனங்களுக்கு அதே பிரிவு இந்த வழியை அடைத்துவிட்டது. கடன் செலவு லாபத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

இண்ட் ஏஎஸ் 109 வந்த பிறகு தள்ளுபடிக்குத் தனிச் சொத்து என்ற பேச்சும் இல்லை. கடனைக் கைக்கு வந்த தொகையிலேயே எழுதி, உண்மையான வட்டி வீதத்தில் ஆண்டுதோறும் வளர்க்க வேண்டும். நூறு ரூபாய்ப் பத்திரம், மூன்று ஆண்டு, அச்சிட்ட வட்டி 10 சதவீதம், கிடைத்த விலை 95.20 ரூபாய் என்று கொள்வோம். இதன் உண்மை வீதம் 12 சதவீதம். முதல் ஆண்டுச் செலவு 95.20-இல் 12 சதவீதம், அதாவது 11.42. கையிலிருந்து போனது 10 ரூபாய்தான். மீதி 1.42 கடனோடு சேர்ந்து, கடன் 96.62 ஆகிறது. அடுத்த ஆண்டு 1.59, மூன்றாம் ஆண்டு 1.79 சேர்ந்து கடன் 100-ஐத் தொடுகிறது. சமமாகப் பிரித்திருந்தால் ஆண்டுக்கு 1.60. வேறுபாடு சிறிதுதான், ஆனால் கடன் வளர வளர வட்டியும் வளர்வது இந்த முறையில் மட்டும் தெரிகிறது. இத்தகைய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நிதிச் செலவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் மேலே இருந்து, பணமாகக் கொடுத்த வட்டி பத்தாக மட்டும் இருந்தால், மிச்சம் எங்கிருந்து வந்தது என்று இனித் தேட வேண்டியதில்லை: பத்திரம் விற்ற அன்று வாங்காமல் விட்ட பணம்தான் அது.